கூடுதலாக வந்த ரூ. 36,240: திருத்தி எழுதிய குறிப்பு

தாராவி, மும்பை
27 அக்டோபர் 2025

மாட்டுங்கா கடை அண்ணாச்சிக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை எங்கள் கணக்குப் பையன் அனுப்பிய குறிப்பில் ‘கூடுதல் தொகை வந்துள்ளது, சரி செய்யப்படும்’ என்று மட்டும் இருந்தது. எவ்வளவு, எப்படி வந்தது, திருப்பித் தருவீர்களா இல்லை அடுத்த பில்லில் கழிப்பீர்களா என்று நீங்கள் கேட்டது நியாயம். அதனால் அந்தக் குறிப்பை விட்டுவிட்டு இதையே உங்கள் ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பில். 17-ஆம் தேதி தீபாவளிக்காக அனுப்பிய சரக்கு:

கை முறுக்கு 40 கிலோ – ரூ. 12,800
தட்டை 25 கிலோ – ரூ. 7,500
அதிரசம் 30 கிலோ – ரூ. 11,400
சீடை 10 கிலோ – ரூ. 3,400
மொத்தம் ரூ. 35,100

இதில் அதிரசம் 3 கிலோ உடைந்துபோய் 22-ஆம் தேதி வண்டியிலேயே திரும்பி வந்தது. கிலோ 380 வீதம் ரூ. 1,140 கழித்தால், நீங்கள் தர வேண்டியது ரூ. 33,960.

உங்களிடமிருந்து வந்தது மூன்று தொகை. அக்டோபர் 6-ஆம் தேதி அட்வான்ஸ் ரூ. 10,000. 18-ஆம் தேதி காலையில் உங்கள் போனிலிருந்து யு.பி.ஐ.யில் பாக்கி ரூ. 25,100. அது ‘பெண்டிங்’ என்றே காட்டியதால், அன்று சாயங்காலம் கடையின் கரண்ட் அக்கவுண்டிலிருந்து நெஃப்ட்டில் ரூ. 35,100 அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பியவர் அட்வான்ஸைக் கழிக்காமல் முழு பில் தொகையைப் போட்டிருக்கிறார். பெண்டிங்கில் நின்ற பணமும் அன்று இரவே எங்கள் கணக்கில் ஏறிவிட்டது. ஆக மொத்தம் ரூ. 70,200 வந்திருக்கிறது. கூடுதல் ரூ. 36,240.

இந்தக் கூடுதலில் இரண்டு பங்கு இருக்கிறது. இரண்டையும் ஒரே மாதிரி முடிக்க எனக்கு மனமில்லை.

நெஃப்ட்டில் வந்த ரூ. 35,100-ஐ முழுதாகத் திருப்பி அனுப்புகிறேன். ‘இருக்கட்டும்மா, வாராவாரம் சரக்கில் கழிச்சுக்கோ’ என்று பெரிய மனதோடு சொன்னீர்கள். ஆனால் வாரம் 15 கிலோ முறுக்கு, ரூ. 4,800 பில் என்றால் இது கழிய ஏழு வாரத்துக்கு மேல் ஆகும். தீபாவளி முடிந்ததும் மளிகை மண்டிக்கும் மற்றவர்களுக்கும் நீங்கள் பணம் கட்ட வேண்டிய நேரம் இது. உங்கள் முதல் என் எண்ணெய்ச் செலவிலும் மாவுச் செலவிலும் கரைந்து நிற்பது சரியில்லை, அண்ணாச்சி. ஒரு வாரம் நீங்கள் சரக்கு வேண்டாம் என்றாலும் கணக்கு இழுபடும்.

தம்பியின் ஜிபே நம்பருக்கே போட்டுவிடச் சொன்னார்கள். அது வேண்டாம். பணம் எந்த அக்கவுண்டிலிருந்து வந்ததோ அதற்கே போகட்டும். அப்போதுதான் உங்கள் கடைப் புத்தகத்திலும் எங்கள் புத்தகத்திலும் வரவும் செலவும் நேருக்கு நேர் நிற்கும், ஆடிட்டருக்குத் தனியாக விளக்க வேண்டியிருக்காது. புதன்கிழமை, 29-ஆம் தேதி, சரக்கு கொண்டுவரும் பையனிடம் அந்தக் கரண்ட் அக்கவுண்டின் கேன்சல்டு செக் ஒன்று கொடுத்துவிடுங்கள். மறுநாள் 30-ஆம் தேதி நெஃப்ட்டில் அனுப்பி, யு.டி.ஆர். நம்பரை உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரு விஷயம் மட்டும் கவனமாக இருங்கள். இந்தப் பணத்துக்காக நான் எந்த லிங்கும் அனுப்ப மாட்டேன், ஓ.டி.பி.யோ பின் நம்பரோ கேட்க மாட்டேன். யு.பி.ஐ.யில் பின் போடுவது பணம் கொடுப்பதற்குத்தான், வாங்குவதற்கு அது தேவையே இல்லை. என் பெயரைச் சொல்லி யாராவது ‘ரீஃபண்ட்’ என்று கூப்பிட்டால் போனை வைத்துவிட்டு எனக்கு அடியுங்கள்.

மீதி ரூ. 1,140 அதிரசம் திரும்பிய கணக்கு. அதை மட்டும் 29-ஆம் தேதி பில்லிலேயே கழிக்கிறேன். 15 கிலோ முறுக்குக்கு ரூ. 4,800, அதில் 1,140 போக ரூ. 3,660 கொடுத்தால் போதும். பில்லில் ‘அதிரசம் 3 கிலோ திரும்பியது’ என்று தனி வரியாகவே இருக்கும். எங்களுக்கு ஜி.எஸ்.டி. பதிவு இல்லாததால் தீபாவளி பில்லில் வரி போடவில்லை. அதனால் வரியில் திருத்த எதுவும் இல்லை.

30-ஆம் தேதி பணம் போய்ச் சேர்ந்ததும் தீபாவளிக் கணக்கில் இரு பக்கமும் பாக்கி இல்லை. மேலே உள்ள மூன்று வரவில் ஏதாவது உங்கள் பாஸ்புக்கோடு ஒத்துவரவில்லை என்றால் புதன்கிழமைக்குள் சொல்லுங்கள், உட்கார்ந்து பார்த்துவிடலாம். அப்புறம், கார்த்திகைப் பொரி உருண்டைக்கு எத்தனை கிலோ என்று நவம்பர் நடுவில் சொன்னால் வெல்லம் முன்கூட்டியே எடுத்துவைப்பேன்.

இப்படிக்கு,
முறுக்குக் கூடத்துத் தங்கச்சி