நான்காவது அத்தியாயத்தை இனி மாற்ற வேண்டாம், கண்ணு

அன்புள்ள கண்ணு,

செவ்வாய்க்கிழமை பேசிவிட்டுக் கிளம்பும்போது, "இங்க இருக்கறப்போ தெளிவா இருக்குதுங் மேடம், ஹாஸ்டலுக்குப் போனா மறுபடியும் அதே பயம் வந்துருது" என்றாய். ராத்திரி லேப்டாப்பைத் திறக்கும் நேரத்தில் நான் பக்கத்தில் இருக்க முடியாது. அதனால் இதை எழுதித் தருகிறேன். மடித்து உன் கள நோட்டுக்குள் வைத்துக்கொள்.

நீ சம்மதம் சொன்னதால் உன் வழிகாட்டி சாரிடமும் நூலகரிடமும் பேசினேன். ஆய்வேட்டைச் சோதிக்கும் மென்பொருளில் ஜீரோ வந்தால்தான் சார் கையெழுத்துப் போடுவார் என்று வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது உண்மையில்லை. துறையில் அப்படி ஒரு விதி கிடையாது. சார் அப்படிச் சொன்னதும் இல்லை. நீ பிப்ரவரியில் கொடுத்த முழுப் பிரதியை அவர் படித்துவிட்டார். சிவகிரிப் பக்கத்து மஞ்சள் விவசாயிகளின் பேட்டிகள்தான் ஆய்வேட்டின் பலம் என்று என்னிடமே சொன்னார். அப்புறம் ஏன் புதுசு புதுசாக மாற்றி அனுப்புகிறாள் என்று கேட்டார். உன்னைக் கோபித்துக் கேட்கவில்லை, உன்னை நினைத்துக் கவலைப்பட்டுக் கேட்டார்.

அடுத்தது, இரண்டு வேறு எண்களை நீ ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறாய். அதைப் பிரித்துவிட்டால் பாதி பயம் குறையும்.

நூலகத்தில் எடுத்த அறிக்கையில் வந்த 8 சதவீதம் ஒப்புமை எண். உன் வரிகளில் எவ்வளவு ஏற்கெனவே வேறெங்கோ அச்சானவற்றோடு ஒத்துப்போகிறது என்பதை மட்டும் அது சொல்லும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனையே கிடையாது. மேற்கோள் காட்டிய பகுதிகள், நூற்பட்டியல், சட்டங்கள், பொதுவான சொற்கள் இவற்றையெல்லாம் கணக்கிலிருந்து நீக்க வேண்டும் என்றும் அதே விதிமுறை சொல்கிறது. உன் அறிக்கையில் நிறம் பூசிய இடங்களை நூலகரோடு உட்கார்ந்து பார்த்தேன். தமிழ்நாடு வேளாண் விளைபொருள் விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம், 1987 என்ற பெயர், விற்பனைக்கூடங்களின் முழுப் பெயர்கள், அட்டவணைத் தலைப்புகள், உறுதிமொழிப் பக்கம். ஒரு சட்டத்தின் பெயரை உன் சொந்த நடையில் எப்படி எழுதுவாய்? எழுதவும் கூடாது. எல்லோரும் எழுதுகிற மாதிரியேதான் எழுத வேண்டும். ஒப்புமை ஜீரோ வந்தால் முன்னால் எழுதியவர்களைப் படிக்காமல் எழுதிவிட்டாளோ என்றுதான் எனக்கு யோசனை வரும்.

உன் தூக்கத்தைக் கெடுப்பது இரண்டாவது எண். இலவச இணையதளங்களில் ஒட்டிப் பார்க்கிறாயே, 'இத்தனை சதவீதம் ஏஐ எழுதியது' என்று வருவது. ஒரே பத்தியை மூன்று தளங்களில் போட்டாய். ஒன்று 7 என்றது, இன்னொன்று 34, மூன்றாவது 71. மூன்றும் ஒரே ராத்திரியில். நீ எழுதியது மாறவில்லை, எண் மட்டும் மாறியிருக்கிறது. இதை நீயே என்னிடம் காட்டினாய். ஆனால் அந்த 71ஐ மட்டும் மனதில் வைத்துக்கொண்டாய்.

இந்தக் கருவிகள் நீ எழுதியதை நேரில் பார்த்துச் சொல்லும் சாட்சி இல்லை. அடுத்த சொல் எது என்று எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது, வாக்கியங்கள் எவ்வளவு ஒரே மாதிரி போகின்றன என்பது போன்றவற்றை வைத்துக் கணக்குப் போட்டு ஊகிக்கின்றன. இப்போது உன்னை நினைத்துப் பார். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தாய். ஆங்கிலத்தைப் பாடமாகக் கற்றுக்கொண்டவள். தெரிந்த சொற்களை வைத்து, இலக்கணம் தப்பாமல், நேராக எழுதுவாய். கருவிக்கு அது எளிதில் ஊகிக்கக்கூடியதாகத் தெரியும். 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்தை அவை ஏஐ எழுதியது என்று தப்பாகச் சொல்லின. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளை ஏறக்குறைய சரியாகவே அடையாளம் கண்டன. அதே டோஃபல் கட்டுரைகளில் சொற்களை மட்டும் கொஞ்சம் செழிப்பாக மாற்றியதும் தப்பு வெகுவாகக் குறைந்தது. யார் எழுதியது என்பதைவிட எவ்வளவு சொல்வளம் இருக்கிறது என்பதைத்தான் அவை அளந்திருக்கின்றன.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. கல்லூரிகள் ஒப்புமை பார்க்கப் பயன்படுத்தும் டர்னிட்டின் என்ற மென்பொருளில் ஏஐ அளவு 1 முதல் 19 சதவீதத்துக்குள் வந்தால் எண்ணைக் காட்டாமல் ஒரு நட்சத்திரக் குறியை மட்டும் போடுகிறார்கள், அந்த இடத்தில் தப்பு நேர வாய்ப்பு அதிகம் என்பதால். அந்தத் தொழிலில் இருப்பவர்களே நம்பாத சின்ன எண்களை ஜீரோ ஆக்கத்தான் நீ விடியவிடிய உட்கார்ந்திருக்கிறாய்.

இனி எனக்கு மனம் பதறிய விஷயம். நான்காவது அத்தியாயத்தின் பிப்ரவரிப் பிரதியையும் போன வாரப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். முன்னதில் 'ரெகுலேட்டட் மார்க்கெட்' என்று இருந்தது 'கன்ட்ரோல்டு பஜார்' ஆகியிருக்கிறது. விரலி மஞ்சளுக்கு 'ஃபிங்கர் டர்மரிக்' என்று சரியாக எழுதியிருந்தாய், இப்போது 'டிஜிட் டர்மரிக்' என்று இருக்கிறது. பெருந்துறையிலோ ஈரோட்டிலோ மஞ்சள் ஏலத்துக்குப் போகிற ஒருவருக்கும் அது என்னவென்று தெரியாது. ஆய்விதழ்களில் இப்படிப்பட்ட விபரீதச் சொற்களைத் தேடியே, சொல் மாற்றும் மென்பொருளில் போட்டெடுத்த போலிக் கட்டுரைகளைக் கண்டுபிடிக்கிறார்கள். நேர்மையாக எழுதிய நீ, சந்தேகம் வரக் கூடாது என்று செய்த வேலையால் சந்தேகம் வருகிற மாதிரி ஆக்கிக்கொண்டிருக்கிறாய்.

இன்னும் ஒன்று. விவசாயிகள் ஏன் மஞ்சளை விற்காமல் வருஷக்கணக்கில் இருப்பு வைக்கிறார்கள் என்பதுதான் உன் கேள்வி. விலை ஏறும் என்ற நம்பிக்கைதான் காரணம் என்று எல்லோரும் எழுதுவார்கள். நீ வீடு வீடாகப் போய் உட்கார்ந்து கேட்டதால் வேறொன்றைக் கண்டுபிடித்தாய். பல வீடுகளில் அந்த மூட்டைகள்தான் சேமிப்பு. பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்கோ கல்யாணத்துக்கோ தேவைப்படும்போது எடுத்து விற்கிறார்கள், அன்றைய விலை எதுவானாலும். பழைய மூட்டையில் வண்டு விழுந்த பிறகும் விற்க மனமில்லாமல் இருந்த அந்தக் கொடுமுடி அம்மாவைப் பற்றி நீ எழுதிய பத்தியைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். புதுப் பிரதியில் அந்த அம்மா இல்லை. அவர் இருந்த இடத்தில் பொதுவாக நாலு வாக்கியம். அந்தப் பத்திக்கு எண் கொஞ்சம் குறைந்தது என்று சொன்னாய். குறைந்திருக்கலாம். ஆனால் உன் ஆய்வேட்டில் வேறு யாராலும் எழுத முடியாத பத்தி அதுதான்.

இது உன் புத்தியில் உள்ள குறை இல்லை. பயம் வேலை செய்கிற விதம் அப்படி. ஒட்டிப் பார்க்கிறாய், எண் குறைந்தால் கொஞ்ச நேரம் நிம்மதி. அப்புறம், வேறு தளத்தில் என்ன வருமோ என்று தோன்றும். மறுபடி பார்ப்பாய். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும், பார்த்தால்தான் நிம்மதி என்று மனம் பழகிக்கொள்கிறது. ஜீரோவே வந்தாலும் அடங்காது. முதல் அத்தியாயத்துக்கு ஜீரோ வந்ததே, அன்றைக்குத் தூங்கினாயா?

அப்பாவைக் காலேஜுக்கு வரச் சொல்லிவிடுவார்களோ என்று கேட்டபோதுதான் உன் கை நடுங்கியது. வீட்டில் முதல் பட்டதாரி நீ. அவர் காட்டு வேலையை விட்டுவிட்டு வந்து ஆபீஸ் வாசலில் நிற்பதை நினைத்துப் பார்க்கவே உன்னால் முடியவில்லை. எனக்குப் புரிகிறது, கண்ணு. ஒரு இணையதளத்தின் எண்ணை வைத்து அப்படி யாரையும் கூப்பிட மாட்டார்கள். யாராவது கேள்வி கேட்டால்கூட முதலில் உன்னிடம் பேசுவார்கள், அப்போது நானும் கூட இருப்பேன்.

அப்படிக் கேட்டால் காட்ட உன்னிடம் இருப்பது கொஞ்சமில்லை. கையெழுத்தில் நிரப்பிய பேட்டிப் படிவங்கள், மண் படிந்த அந்த நோட்டு, போனில் உள்ள ஒலிப்பதிவுகள், கூகுள் டாக்ஸில் நாள்வாரியாக நிற்கும் பழைய பிரதிகள், சார் சிவப்பு மையில் திருத்திய தாள்கள். எதையும் அழித்துவிடாதே. எல்லாவற்றுக்கும் மேலே, யார் எந்தப் பக்கத்தைப் புரட்டிக் கேட்டாலும் உனக்குப் பதில் தெரியும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. பிப்ரவரிப் பிரதிக்கே திரும்பு. பின்னால் செய்த மாற்றங்களில் சார் சொன்ன திருத்தங்களையும் எழுத்துப் பிழைகளையும் மட்டும் அதில் சேர். கொடுமுடி அம்மா திரும்பி வரட்டும். ஏஐ எழுத்தை மனித எழுத்தாக்கித் தருகிறோம் என்று காசு கேட்கும் தளத்துக்குப் போகவே போகாதே. இலவசத் தளங்களிலும் இனி எதையும் ஒட்டாதே. உன் பின்னிணைப்பில் விவசாயிகளின் பெயரும் போன் நம்பரும் இருக்கின்றன. உன்னை நம்பிச் சொன்னார்கள், எங்கேயோ இருக்கும் ஒரு சர்வருக்குப் போகட்டும் என்று சொல்லவில்லை. கல்லூரிக்கு வேண்டிய சோதனையைக் கடைசியில் நூலகம் ஒரு தடவை எடுக்கும், அது போதும்.

பார்க்க வேண்டும் என்ற தவிப்பு வரும். வந்ததும் மணியைப் பார்த்து இந்தத் தாளின் பின்பக்கத்தில் குறித்து வை. இருபது நிமிஷம் கழித்துத்தான் லேப்டாப்பைத் தொடலாம் என்று வைத்துக்கொள். அதற்குள் கீழே இறங்கி நட, அம்மாவிடம் பேசு. தவிப்பு ஏறும், தானாகவே இறங்கவும் செய்யும். ஒன்றிரண்டு நாள் தாங்க முடியாமல் பார்த்துவிட்டால் அதையும் எழுதி வை, நான் கோபிக்க மாட்டேன். பதினொரு மணிக்கு லேப்டாப்பை ரூம்மேட்டிடம் கொடுத்துவிடு, அவள் சரி என்று சொல்லியிருக்கிறாள். காலையில் சாப்பிடாமல் வகுப்புக்குப் போகாதே. ராத்திரி நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தாலோ, இருந்து என்ன பயன் என்ற மாதிரி எண்ணம் வந்தாலோ வார்டன் அக்காவை எழுப்பு. 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கும் எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு சாரின் அறையில் நாம் மூன்று பேரும் உட்காருகிறோம். பிப்ரவரிப் பிரதியை அச்செடுத்துக் கொண்டு வா, நோட்டையும் எடுத்து வா. சமர்ப்பிக்க வேண்டிய நாள் ஏப்ரல் 17, அதற்குள் பைண்டிங்குக்குக் கொடுக்க நிறைய நேரம் இருக்கிறது. அன்றைக்கு மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு இரண்டரைக்கே என் அறைக்கு வந்துவிடு, சேர்ந்தே போகலாம்.

அன்புடன்,
உன் ஆலோசகர்
மாணவர் நல அறை