பொருள்: மாதத் திட்டம் என்று நினைத்து ஆண்டுத் திட்டம் வாங்கிவிட்டேன், பணத்தைத் திருப்பித் தர வேண்டுகிறேன் (ஆர்டர் எண் 4471-0926)

வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம். ஜனவரி 16 வெள்ளிக்கிழமை இரவு உங்கள் போஸ்டர் வடிவமைப்பு மென்பொருளுக்கு என் வங்கி அட்டையில் 182.40 யூரோ கட்டியிருக்கிறேன். நான் வாங்க நினைத்தது ஒரு மாதத்துக்கு மட்டும். உங்களுக்குத் தமிழில் எழுதலாம் என்று இணையதளத்தில் போட்டிருப்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்துக்காரன். ரெயூனியன் தீவில் சாந்த் ஆந்த்ரே ஊரில் ஒரு கோவிலில் பூசைப் பணிக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. பிரெஞ்சு இன்னும் வரவில்லை. பிப்ரவரி 1 தைப்பூசக் காவடிக்கு நோட்டீஸ் போட வேண்டும், மேலே தமிழ், கீழே பிரெஞ்சு. மற்ற மென்பொருள்களில் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து ஓடுகின்றன. உங்களுடையதில் எழுத்து உடையவில்லை. அதனால்தான் வாங்கினேன், பொருளில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குழப்பம் வந்தது வாங்கும் பக்கத்தில். என் கைபேசி தமிழில்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் தளம் நான் இருக்கும் நாட்டைப் பார்த்து எல்லாவற்றையும் பிரெஞ்சில் காட்டியது. மொழி மாற்றும் இடம் பக்கத்தின் அடியில் இருப்பதை மறுநாள்தான் கண்டுபிடித்தேன். பெரிய எழுத்தில் "15,20 €/mois" என்று இருந்தது. mois என்றால் மாதம் என்று சம்பளச் சீட்டில் பார்த்துப் பார்த்துத் தெரியும், அந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான். சரி, மாதம் பதினைந்து யூரோ என்று நம்பிவிட்டேன். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் "facturé annuellement" என்று இருந்திருக்கிறது, ஆண்டுக்கு மொத்தமாகப் பிடிப்போம் என்று பொருளாம். "Mensuel", "Annuel" என்ற இரண்டில் "Annuel" முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. மொத்தத் தொகை மடித்து வைத்த "Récapitulatif" பெட்டிக்குள் இருந்தது, அதைத் திறக்கவில்லை. கடைசிப் பொத்தானிலும் "Continuer", அதாவது தொடர்க, என்றுதான் இருந்தது.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். வங்கிச் செயலி ஒப்புதல் கேட்டபோது தொகை அங்கே நிச்சயம் தெரிந்திருக்கும். சாயரட்சை முடிந்து களைத்துப் போய் வந்தவன், படிக்காமல் "Valider" அழுத்திவிட்டேன்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு மாணவி ரசீதைப் படித்துச் சொன்ன பிறகுதான் தலையில் கை வைத்தேன். உடனே கணக்கில் போய் சந்தாவை ரத்து செய்யும் "Résilier l'abonnement" பொத்தானை அழுத்தினேன், பணம் திரும்பி வந்துவிடும் என்று நினைத்து. வந்த பதிலோ சந்தா 2027 ஜனவரி 16-இல் முடியும் என்கிறது. அதாவது அடுத்த ஆண்டுப் புதுப்பிப்பு மட்டும் நின்றிருக்கிறது. கட்டிய பணம் அப்படியே இருக்கிறது.

இன்று 19-ஆம் தேதி, வாங்கி மூன்று நாள்தான். இதுவரை ஒரு மாதிரி நோட்டீஸ் மட்டும் செய்து பார்த்தேன், எதையும் பதிவிறக்கவில்லை. உங்கள் பதிவிலும் அது தெரியும்.

நான் கேட்பது இதுதான். ஆண்டுத் திட்டத்தை ரத்து செய்து, ஒரு மாதத்துக்கு உங்கள் மாத விலையான 19 யூரோவை எடுத்துக்கொண்டு, மீதி 163.40 யூரோவை அதே அட்டைக்குத் திருப்பி அனுப்புங்கள். அப்படிப் பிரிக்க உங்கள் முறையில் வழியில்லை என்றால் முழுத் தொகையையும் திருப்பிவிடுங்கள், மாதத் திட்டத்தை நானே புதிதாக வாங்கிக்கொள்கிறேன். கணக்கில் வரவாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது மட்டும் வேண்டாம். காவடி முடிந்தால் எனக்கு நோட்டீஸ் வேலை இல்லை, இந்தத் தொகையோ ஊருக்கு அனுப்ப வைத்திருந்தது.

அந்த மாணவி இன்னொன்றும் சொன்னாள். ரெயூனியன் பிரான்ஸின் ஒரு மாவட்டம் என்பதால் இங்கே பிரெஞ்சு நுகர்வோர் சட்டம்தான். அதன் L221-18 பிரிவுப்படி இணையத்தில் வாங்கியதிலிருந்து விலக 14 நாள் உண்டு. பொத்தானை அழுத்தினால் பணம் கட்ட வேண்டிவரும் என்பது அந்தப் பொத்தானிலேயே தெளிவாக இருக்க வேண்டும் என்கிறது L221-14. "Continuer" அப்படிச் சொல்லவில்லை. மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. உங்கள் கணக்குப் பிரிவுக்குக் காரணம் காட்டத் தேவைப்பட்டால் உதவும் என்றுதான். இந்த மடலையே என் விலகல் அறிவிப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

விலைப் பக்கம், ரசீது, ரத்து செய்தபின் வந்த பதில் ஆகிய மூன்றின் திரைப்பிடிப்புகளையும் இணைத்திருக்கிறேன். கணக்கு இந்த மின்னஞ்சல் முகவரியில்தான் இருக்கிறது. பதிலையும் தயவுசெய்து தமிழில் இங்கேயே அனுப்புங்கள். அழைத்துப் பேசுவதானால் உங்கள் நேரம் பிற்பகல் மூன்று மணிக்குக் கூப்பிடுங்கள், இங்கே அப்போது ஒன்றரை மணி, நடை சாத்தியிருக்கும்.

அன்புடன்,
முருகேசன்
சாந்த் ஆந்த்ரே, ரெயூனியன்
2026 ஜனவரி 19