நெட்ஃப்ளிக்ஸ்ல அக்கவுன்ட் வேற, ப்ரொஃபைல் வேற

சித்தி, நீங்க ப்ரொஃபைலை டெலீட் பண்ணிட்டேன், இனி காசு போகாதுல்லன்னு கேட்டீங்க, போகும் சித்தி.

அக்கவுன்ட்ங்கிறது நீங்க மெயில் ஐடி, பாஸ்வேர்ட் போட்டு உள்ள போறது, வீட்டுக்கே ஒண்ணு போதும். அதுக்குள்ள ஆளுக்கு ஒண்ணா 5 ப்ரொஃபைல் வரைக்கும் வச்சுக்கலாம், சித்தப்பா பாக்குற சண்டைப்படம் உங்க லிஸ்ட்ல வராம இருக்கத்தான் அது, அதை அழிச்சா அந்த ஆள் பாத்த படங்களோட லிஸ்ட்தான் போகும், பில்லுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

மாசாமாசம் காசு எடுக்குறது சப்ஸ்கிரிப்ஷன். அதை நிறுத்தணும்னா அக்கவுன்ட் பேஜ்ல போய் மெம்பர்ஷிப்பை கேன்சல் பண்ணணும். ஆப்பை போன்ல இருந்து தூக்குனாலும் நிக்காது, நிறைய பேர் ஏமாறுறது இங்கதான். கேன்சல் பண்ணாலும் கட்டுன மாசம் முடியுற வரைக்கும் பாக்கலாம், அக்கவுன்ட்டும் உடனே அழிஞ்சிடாது.

பேமென்ட் மெத்தட்னா காசு எந்த வழியா போகுதுங்கிறது, அவ்ளோதான். உங்களுக்கு யுபிஐ ஆட்டோபே. கார்டுக்கு மாத்துனா பிளான் மாறாது. ஆட்டோபேயை மட்டும் நிறுத்திட்டா பணம் வரலைன்னு படம் ஓடாம நிக்கும், ஆனா அது மெம்பர்ஷிப்பை கேன்சல் பண்ணதா ஆகாது.

நைட்டு போன் பண்றேன், பாஸ்வேர்டை மட்டும் தேடி வைங்க.