சொறி சிரங்கு: வீட்டில் ஐந்து பேரும் சேர்ந்து செய்ய வேண்டியது

அம்மா, சனிக்கிழமை ராத்திரி வீட்டில் ஐந்து பேரும் ஒன்றாக மருந்து போடுங்கள். பாட்டிக்கும் அப்பாவுக்கும் அரிப்பு இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். சிரங்கை உண்டாக்கும் பூச்சி தொற்றி நாலு முதல் ஆறு வாரம் கழித்துக்கூட அரிப்பு தொடங்கலாம். ஒருவர் விடுபட்டாலும் பிள்ளைகளுக்குத் திரும்ப வந்துவிடும். பாயைப் பகிர்ந்து படுக்கும் அத்தை மகனுக்கும் அதே ராத்திரி மருந்து வேண்டும். அவனையும் கூட்டி வாருங்கள்.

பெர்மெத்ரின் 5 சதவீத கிரீமை உலர்ந்த, சூடில்லாத உடம்பில் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை மெல்லிசாகத் தடவுங்கள். அரிக்கிற இடத்தில் மட்டும் போட்டால் போதாது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புள், இடுப்பு, பிறப்புறுப்பு எதையும் விடக்கூடாது. நகத்தை ஒட்ட வெட்டி, அதன் அடியிலும் தேயுங்கள். ஒன்றரை வயதுக் குழந்தைக்கும் பாட்டிக்கும் கண், வாய் தவிர்த்து முகம், தலையிலும் போடுங்கள். குழந்தை விரல் சூப்பும். கைக்கு உறை மாட்டிவிடுங்கள். இடையில் கை கழுவினால் கையில் மறுபடி தடவ வேண்டும். காலையில், குறைந்தது 8 மணி நேரம் கழித்துக் குளியுங்கள்.

அப்புறம், மூன்று நாளாக உடுத்தியது, போர்வை, துண்டு, தலையணை உறை எல்லாவற்றையும் கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள். துவைக்க முடியாததை பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள்.

அடுத்த சனிக்கிழமை எல்லோரும் மறுபடி போடவேண்டும். அரிப்பு இரண்டு, மூன்று வாரம் இருக்கலாம். பயந்து தினமும் தடவாதீர்கள். சீழ், காய்ச்சல் வந்தால் உடனே வாருங்கள்.