நாளைக்குச் சார்ட் வேணும்மா!
(ஒருவர் நடிக்கும் குடும்ப நாடகம்)

தேவையானவை: ஒரு நாற்காலி, ஒரு துண்டு, ஒரு ஸ்கூல் பை, ஒரு கரண்டி, பழைய படக் காலண்டர் ஒன்று.

நடிப்பவருக்கு: துண்டு தோளில் இருந்தால் அம்மா. அப்போது வலப்பக்கம் நின்று, கொஞ்சம் குனிந்து பார்த்து, குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும். பை தோளில் இருந்தால் ஏழாம் வகுப்பு படிக்கும் கதிர். இடப்பக்கம் வந்து, நிமிர்ந்து பார்த்து, சொற்களை இழுத்துப் பேச வேண்டும். குரலைக் கீச்சென்று ஆக்க வேண்டாம். பார்வை மாறினாலே போதும், பிள்ளை வந்துவிடுவான். முதல் நான்கைந்து மாற்றங்களை நிதானமாகச் செய்யுங்கள். பார்ப்பவர்களுக்குப் பழகிய பிறகு வேகம் கூட்டலாம்.

(அம்பத்தூரில் ஒரு வாடகை வீடு. இரவு ஒன்பதே முக்கால். தோளில் துண்டு, கையில் கரண்டி.)

அம்மா: அப்பாடா! பாத்திரம் தேய்ச்சாச்சு, மாவு கரைச்சாச்சு. கதிர், போய்ப் படு.

(பை.)

கதிர்: அம்மா... ஒண்ணு சொன்னா திட்ட மாட்டியே?

(துண்டு. கரண்டி மெல்ல மேலே போகிறது.)

அம்மா: சொல்லு.

கதிர்: நாளைக்குச் சார்ட் வேணும்மா. ஐந்திணை வரையணும்.

அம்மா: எப்பச் சொன்னாங்க?

கதிர்: போன... திங்கக்கிழமை.

அம்மா: இன்னிக்கும் திங்கக்கிழமைடா! எட்டு நாளா என்ன பண்ணின?

கதிர்: நாளைக்குத்தானேன்னு இருந்தேன்.

(அம்மா கரண்டியை நாற்காலியில் வைக்கிறாள். பேசாமல் நான்கு எட்டு நடக்கிறாள். இந்த மௌனத்தை அவசரப்படுத்தாதீர்கள். எல்லா வீட்டிலும் இருக்கும் மௌனம் இது, பார்ப்பவர்கள் சிரிப்பது இங்கேதான்.)

அம்மா: கடையெல்லாம் மூடியிருப்பான். பரண்ல போன வருஷத்துக் காலண்டர் இருக்கு. பின்பக்கம் வெள்ளைதான். கிரேயான்ஸ் எடுத்துட்டு வா.

கதிர்: கறுப்பும் பிரவுனும் மட்டும்தான் இருக்கும்மா.

அம்மா: மத்ததெல்லாம்?

கதிர்: (தலையைக் குனிந்து) தெரியலை.

அம்மா: சரி, அஞ்சறைப் பெட்டியை எடு. மஞ்சத்தூள் இருக்கு, குங்குமம் இருக்கு. பச்சைக்கு முருங்கைக்கீரையைக் கசக்கித் தேய்ச்சுக்கலாம். கடலுக்கு...

கதிர்: சொட்டு நீலம்!

அம்மா: பாரு, மூளை இருக்கு! உக்காரு. ஐந்தும் சொல்லு.

(பையுடன் தரையில் உட்கார்ந்து, காலண்டரைப் பின்பக்கமாக விரித்து, விரலால் வரைகிறான்.)

கதிர்: குறிஞ்சி, மலை. முல்லை, காடு. மருதம், வயல். நெய்தல், கடல். பாலை, ஒட்டகம்.

அம்மா: நம்ம ஊர்ல ஏதுடா ஒட்டகம்? மழையே இல்லாம முல்லையும் குறிஞ்சியும் காய்ஞ்சு போச்சுன்னா, அதுதான் பாலை. ஒட்டகத்தை அழி.

கதிர்: நல்லா வந்திருக்கேம்மா...

அம்மா: அழி. ஒவ்வொண்ணுக்கும் பொழுது போடணுமே, எழுதினியா?

கதிர்: முல்லைக்கு மாலை. குறிஞ்சிக்கு யாமம். யாமம்னா ராத்திரி பத்து மணியிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும். அம்மா, மணி பத்தேகால்! நாம இப்ப குறிஞ்சில இருக்கோம்!

(அம்மாவுக்குச் சிரிப்பு வருகிறது. துண்டால் வாயை மறைக்கிறாள்.)

கதிர்: நீ எந்தத் திணைம்மா?

(இங்கிருந்து அம்மாவின் குரல் மெதுவாகிறது. அவளும் தரையில் உட்காருகிறாள்.)

அம்மா: நானா? மன்னார்குடிப் பக்கம். மருதம். எங்க வீட்டு வாசல்ல நின்னா கண்ணுக்கு எட்டின வரைக்கும் வயல்தான். நாத்துக்கட்டைத் தலையில வச்சா தண்ணி சொட்டச் சொட்ட முதுகெல்லாம் நனையும். எங்கம்மா நடவுக்குப் போறப்ப நானும் போவேன். வரப்புல வழுக்கி விழுந்து, சேத்தோட பள்ளிக்கூடம் போயிருக்கேன்.

கதிர்: மருதத்துக்குப் பொழுது வைகறை. அப்படின்னா?

அம்மா: ரெண்டு மணிக்கு மேல, விடியற வரைக்கும். உங்க பாட்டி எழுந்திருக்கிற நேரம். இப்ப நான் எழுந்திருக்கிற நேரம்.

(கதிர் நிமிர்ந்து அம்மாவைப் பார்க்கிறான். பிறகு குனிந்து வரைகிறான்.)

கதிர்: வயல்ல ஒரு ஆள் போடறேன். தலையில நாத்துக்கட்டு. இது நீ.

அம்மா: நான் இவ்வளவு குண்டா?

கதிர்: (கொட்டாவி விட்டபடி) கறுப்பு கிரேயான்... தடிமனா... இருக்கும்மா...

(நடிப்பவர் பையை மெல்லக் கழற்றி நாற்காலியில் சாய்த்து வைக்கிறார். இனி அந்தப் பைதான் கதிர். அம்மா துண்டை உதறிப் பையின் மேல் போர்த்துகிறாள். காலண்டர் முன் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து கீரையைத் தேய்க்கிறாள்.)

அம்மா: (படத்தைத் தூக்கிப் பார்த்து) மூக்குத்தி போட்டிருக்கான் பாரு, எனக்கு.

(துண்டுக்கு அடியிலிருந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, தூக்கக் குரலில்:)

கதிர்: அம்மா... நாளைக்குத் தேங்காய் ஓடும் வேணும்... ரெண்டு...

(அம்மாவின் கை நிற்கிறது. நாற்காலியைப் பார்க்கிறாள். கரண்டியை எடுக்கிறாள். எழுந்து, தேங்காய் உடைக்க அடுக்களைக்குப் போகிறாள்.)