நேரியல் திட்டமிடல்: இரண்டு கணக்குகள், முழுத் தீர்வுடன்

கணக்கு 1. திருப்பூரில் ஒரு சிறு தையல் யூனிட் காலர் டி-சர்ட்டும் ஷார்ட்ஸும் தைக்கிறது. ஒரு டஜன் டி-சர்ட்டுக்குக் கட்டிங் 1 மணி நேரம், தையல் 180 நிமிடம். ஒரு டஜன் ஷார்ட்ஸுக்குக் கட்டிங் 2 மணி நேரம், தையல் 120 நிமிடம். கட்டிங் மேசை வாரத்துக்கு 40 மணி நேரம் கிடைக்கும். தையல் மெஷின் இரண்டு. ஒவ்வொன்றும் வாரம் 36 மணி நேரம் ஓடும். ஷார்ட்ஸின் அளவு டி-சர்ட்டின் இரு மடங்கைத் தாண்டக் கூடாது. டஜனுக்கு லாபம் டி-சர்ட்டில் ரூ.300, ஷார்ட்ஸில் ரூ.400. அதிகபட்ச வார லாபம் எவ்வளவு?

தீர்வு. வாரத்துக்கு டி-சர்ட் x டஜன், ஷார்ட்ஸ் y டஜன் என்க. "x = டி-சர்ட்" என்று மட்டும் எழுதி விடாதீர்கள். x என்பது ஓர் எண். எதன் எண்ணிக்கை, எந்த அலகில், எந்தக் கால அளவில் என்பது அந்த வரியிலேயே இருக்க வேண்டும்.

நிமிடங்களை முதலில் மணியாக்குங்கள்: 180 நிமிடம் 3 மணி, 120 நிமிடம் 2 மணி. தையலுக்கு மொத்தம் 2 × 36 = 72 மணி நேரம். மெஷின் இரண்டு என்பதைக் கவனிக்காமல் 36 என்று எழுதினால் அதன் பிறகு எல்லாமே தவறாகிவிடும்.

```
பெருமமாக்குக  Z = 300x + 400y
கட்டிங்        x + 2y ≤ 40
தையல்         3x + 2y ≤ 72
விகிதம்        y ≤ 2x
               x ≥ 0, y ≥ 0
```

அதிகம் தவறுவது விகித வரியில்தான். x ≤ 2y என்று திருப்பி எழுதுவார்கள். ஓர் எண்ணைப் போட்டுப் பாருங்கள்: டி-சர்ட் 5 டஜன் என்றால் ஷார்ட்ஸ் 10 டஜன் வரை போகலாம், 11 கூடாது. y ≤ 2x அதைத்தான் சொல்கிறது. x ≤ 2y என்று எழுதியிருந்தால் (5, 11) அனுமதிக்கப்பட்டுவிடும்.

இனி வரைபடம். x + 2y = 40 கோடு (40, 0), (0, 20) வழியே செல்லும். 3x + 2y = 72 கோடு (24, 0), (0, 36) வழியே. இரண்டிலும் (0, 0)-ஐப் பிரதியிட்டால் சரியாக வரும், ஆகவே ஆதிப்புள்ளி இருக்கும் பக்கம். ஆனால் y = 2x ஆதிப்புள்ளி வழியாகவே செல்கிறது; அங்கே (0, 0) எதையும் சொல்லாது. (10, 0)-ஐ எடுங்கள்: 0 ≤ 20 சரி, எனவே கோட்டுக்குக் கீழ்ப்பக்கம்.

ஏற்புடைய பகுதியின் முனைகள் நான்கு. கட்டிங், தையல் கோடுகளைக் கழித்தால் 2x = 32, அதாவது (16, 12). கட்டிங் கோட்டில் y = 2x எனப் பிரதியிட்டால் 5x = 40, அதாவது (8, 16). இவற்றை வரைபடத்தில் கண்ணால் பார்த்து எழுதாமல் சமன்பாட்டைத் தீர்த்தே எடுங்கள். மற்ற இரண்டு: (0, 0), (24, 0).

| முனை | Z |
|---|---|
| (0, 0) | 0 |
| (24, 0) | 7200 |
| (16, 12) | 9600 |
| (8, 16) | 8800 |

டி-சர்ட் 16 டஜன், ஷார்ட்ஸ் 12 டஜன், லாபம் ரூ.9600.

கோடுகள் அச்சை வெட்டும் புள்ளிகளையெல்லாம் முனை என்று அட்டவணையில் சேர்ப்பது பெரிய ஆபத்து. (40, 0)-இல் Z = 12000 வரும், பார்க்க ஆசையாகவும் இருக்கும். ஆனால் அதற்குத் தையல் 120 மணி நேரம் வேண்டும், இருப்பதோ 72. ஒவ்வொரு முனையையும் எல்லாக் கட்டுப்பாடுகளிலும் பிரதியிட்ட பிறகே Z கணக்கிடுங்கள்.

ஷார்ட்ஸ் லாபம் ரூ.200 ஆகக் குறைந்தால்? (24, 0), (16, 12) இரண்டிலும் 7200, அதுவே பெருமம். லாபக் கோடு தையல் கோட்டுக்கு இணையாகிவிட்டதால், அவ்விரு முனைகளை இணைக்கும் கோட்டுத்துண்டின் ஒவ்வொரு புள்ளியும் உகந்த தீர்வு. ஒரு முனையை மட்டும் விடையாகச் சொன்னால் விடை முழுமையாகாது.

கணக்கு 2. மாட்டுத் தீவனக் கலவையில் கடலைப் பிண்ணாக்கு கிலோ ரூ.50, தவிடு ரூ.25. பிண்ணாக்கு ஒரு கிலோவில் சத்து 'அ' 3 அலகு, தவிட்டில் 1 அலகு. குறைந்தது 12 அலகு தேவை. கலவையின் எடை 8 கிலோவுக்குக் குறையக் கூடாது. குறைந்தபட்சச் செலவு காண்க.

தீர்வு. பிண்ணாக்கு x கிலோ, தவிடு y கிலோ என்க. Z = 50x + 25y-ஐச் சிறுமமாக்க வேண்டும்; 3x + y ≥ 12, x + y ≥ 8, x, y ≥ 0. முனைகள் (0, 12), (2, 6), (8, 0); செலவு முறையே 300, 250, 400.

இங்கே 250 என்று எழுதி நிறுத்த முடியாது. பகுதி மேலும் வலமும் முடிவின்றி விரிகிறது; முனைகளில் மிகச் சிறிய மதிப்பே பகுதி முழுவதற்கும் சிறுமமா என்று காட்ட வேண்டும். 50x + 25y < 250, அதாவது 2x + y < 10 என்ற அரைத்தளம் பகுதியைத் தொடுகிறதா? இரு கட்டுப்பாடுகளையும் கூட்டினால் 4x + 2y ≥ 20, அதாவது 2x + y ≥ 10. பொதுப் புள்ளி ஒன்றுகூட இல்லை. எனவே பிண்ணாக்கு 2 கிலோ, தவிடு 6 கிலோ, செலவு ரூ.250. இதே பகுதியில் Z-இன் பெருமத்தைக் கேட்டால் பெருமம் இல்லை என்பதே விடை, 400 அல்ல.