ஸ்பைக்: 1978-க்கு முந்தைய அச்சை டெசராக்ட் படிக்குமா?

நேரம்: இரண்டு வேலை நாள். செவ்வாய் காலை 10 மணி முதல் புதன் மாலை 5 மணி வரை.
ஆள்: ஒருவர். இந்த இரண்டு நாளும் அவருக்கு வேறு டிக்கெட் கிடையாது.

கேள்வி: ஸ்கேன் படத்தைப் படித்து டெசராக்ட் தரும் எழுத்தைத் திருத்தி முடிக்க, பக்கத்துக்குச் சராசரியாக 7 நிமிடத்துக்குள் ஆகுமா?

7 என்பது எங்கிருந்து வந்தது? அம்பாசமுத்திரம் பக்கத்துக் கூட்டுறவு சங்கம் தந்திருப்பது 1958 முதல் 1977 வரையிலான ஆண்டறிக்கைகள், 640 பக்கம். பாளையங்கோட்டையில் நமக்குத் தட்டச்சு செய்துதரும் அக்கா ஐந்து பக்கம் அடித்துப் பார்த்தார். பக்கத்துக்கு 14 நிமிடம். மொத்தம் ஏறக்குறைய 150 மணி நேரம். அதில் பாதியாவது மிச்சமாகவில்லை என்றால் முழு வேலையையும் அக்காவிடமே கொடுத்துவிடலாம். வெள்ளிக்கிழமை சங்கத்துக்கு விலை சொல்ல வேண்டும்.

சந்தேகம்: இது எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு. லை, ளை, ணை, னை நான்கும் துதிக்கை வளைந்த பழைய வடிவில் இருக்கின்றன. ணா, றா, னா மூன்றுக்கும் தனியாகத் துணைக்கால் கிடையாது. யூனிகோடில் பழைய வடிவத்துக்கும் புதியதற்கும் குறியீடு ஒன்றுதான் என்பதால் சேமிப்பதில் சிக்கல் இல்லை. படத்தைப் பார்த்து அடையாளம் காண்பதில்தான் சிக்கல்.

என் பெரிய கவலை அட்டவணைகள். கார், பிசானம் என்று பருவம் பிரித்து, கோட்டை, மரக்கால் கணக்கில் நெல் வரவு போட்டிருக்கிறார்கள். சொல் தப்பினால் திருத்துபவர் கண்ணில் படும். 3 என்பது 8 ஆகிவிட்டால் யாருக்கும் தெரியாது. அதனால் எண் பிழைகளைத் தனியாக எண்ணவும்.

செய்ய வேண்டியது: 12 பக்கம், பாதி உரை, பாதி அட்டவணை. பளிச்சென்ற பக்கங்களாகப் பொறுக்க வேண்டாம். செல்லரித்தது, மை மங்கியது எல்லாம் கலந்திருக்கட்டும். 300 டிபிஐ ஸ்கேன் போதும்.

```
tesseract p07.png p07 -l tam --psm 6
```

`--psm 4` போட்டும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கவும். புதிதாகப் பயிற்சி கொடுப்பது, கறை நீக்குவது, திருத்தும் திரை கட்டுவது எதுவும் இதில் வராது. எழுதும் ஸ்கிரிப்ட் தூக்கிப்போடத்தான், அழகுபடுத்த வேண்டாம். போன ஸ்பைக்கில் "இன்னும் ஒரு நாள்" என்று சொல்லியே ஒன்பது நாள் ஓடியது. அனுமதித்தவன் நான்தான், இந்த முறை அனுமதிக்க மாட்டேன்.

செவ்வாய் மாலை ஐந்து நிமிடம் பேசுவோம். ஆறு பக்கத்திலேயே விடை தெரிந்துவிட்டால் அப்போதே மூடிவிடலாம். புதன் 5 மணிக்குள் தெரியவில்லை என்றால் "தெரியவில்லை, காரணம் இது" என்று எழுதினால் போதும், அதுவும் விடைதான்.

தர வேண்டியது: ஒரு பக்கக் குறிப்பு. முதல் வரியில் ஆம் அல்லது இல்லை, அடுத்து உரைக்கும் அட்டவணைக்கும் தனித்தனியாகச் சராசரி நிமிடம், எண் பிழைகள், அதிகம் தப்பிய எழுத்துகள். திருத்தும் நேரத்தை அக்காதான் கடிகாரம் வைத்துப் பார்ப்பார். புதன் காலை 11 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் 12 பக்கமும் ஓட்டி வைத்திருக்க வேண்டும்.